உயிரியல் படத்துக்கு ஓவியம் வர வேண்டியதில்லை

“சார், எனக்கு டிராயிங் வராது. இதயப் படம் கேட்டா விட்டுட்டு வேற கேள்வி எழுதிடுறேன்.”

பைக்காராவில் மாலை நேரத்தில் என்னிடம் பாடம் கேட்க வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னது இது. அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர். பெண் நன்றாகப் படிப்பாள். இதயத்தில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் நிறுத்தாமல் சொல்வாள். ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்தால் பயம். அவளுடைய ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். இதயப் படம் அழகாக இருந்தது. சிவப்பு, நீலம் என்று வண்ணம் தீட்டி, நிழல் கொடுத்து, ஓரத்தில் ‘மிக நன்று’ என்ற கையெழுத்தும் இருந்தது. “இது யாரும்மா வரைஞ்சது?” என்றேன். “அண்ணன் சார்” என்றாள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. உயிரியல் படத்தை நாம் ஓவியமாகப் பார்க்கப் பழக்கிவிட்டோம். தேர்வில் கேட்கப்படுவது ஓவியம் அல்ல. எந்த உறுப்பு எதன் பக்கத்தில் இருக்கிறது, எது எதோடு சேர்கிறது, எது தடிமன், எது மெலிவு என்பதைக் கோட்டால் எழுதும் விடை அது. வண்ணத்துக்கும் நிழலுக்கும் அதில் வேலையே இல்லை.

இந்த மலைக்கே இதில் ஒரு முன்னோடி உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பி.எஃப்.பைசன், நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றிய நூலை 1915-இல் வெளியிடத் தொடங்கினார். அதிலுள்ள படங்கள் எளிய கோட்டோவியங்கள். ஒரு செடியை இன்னொரு செடியிலிருந்து பிரித்துக் காட்டும் உறுப்பு தெளிவாகத் தெரிந்தால் போதும் என்பதே அந்த வகைப் படங்களின் நோக்கம். தேர்வுத் தாளுக்கும் அதே நோக்கம்தான்.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பத்தாம் வகுப்பு அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண். எழுத 3 மணி நேரம், அதாவது 180 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம்கூட முழுதாக இல்லை. படத்துக்கும் பாகம் குறிப்பதற்கும் சேர்த்து 2 மதிப்பெண் என்றால், அதற்கு 5 நிமிடத்துக்கு மேல் செலவிடுவது வேறு கேள்வியின் நேரத்தை எடுத்துக்கொள்வதுதான். வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து வரைந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தேர்வறையில் அது வராது. ஆகவே 5 நிமிடத்தில் வரைந்து முடிக்கக்கூடிய வடிவத்தைத்தான் முதல் நாளிலிருந்தே பழக வேண்டும்.

இதயத்தை வரையும் வரிசை

அந்த மாணவிக்குச் சொன்ன வரிசையை இங்கே தருகிறேன். நன்றாகச் சீவிய ஒரு பென்சில், அளவுகோல், ரப்பர் போதும்.

முதலில், சுமார் 9 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலத்தில் மெல்லிய ஒரு கட்டம். இது பிறகு அழிக்கப்போகும் கோடு. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி, குறுக்கே இன்னொரு மெல்லிய கோடு. இதற்கு மேலே ஏட்ரியங்கள், கீழே வெண்ட்ரிக்கிள்கள். நிறைய பேர் நான்கு அறைகளையும் ஒரே அளவில் வரைந்துவிடுகிறார்கள். இந்தக் கோடு இருந்தால் அந்தத் தவறு வராது.

இரண்டாவது, வெளிக்கோடு. கட்டத்துக்குள் ஒரு மாங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மூக்கு கீழே, தாளின் வலப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். நம் எதிரே நிற்பவரின் இதயத்தைப் பார்ப்பதுபோல்தான் படம் வரைகிறோம். எனவே தாளின் வலப்பக்கம் என்பது இதயத்தின் இடப்பக்கம். கட்டம் போட்டவுடனேயே இடப்பக்க ஓரத்தில் சின்னதாக ‘வ’, வலப்பக்க ஓரத்தில் ‘இ’ என்று எழுதிக்கொள்ளச் சொல்வேன். கடைசியில் அழித்துவிடலாம். இடம் வலம் மாறிப்போனால் பெயர்கள் எல்லாமே மாறிப்போகும்.

மூன்றாவது, நடுச்சுவர். இதை மாங்காயின் மூக்குவரை கொண்டுபோகக் கூடாது; மூக்குக்குச் சற்று இடப்பக்கமாகவே அடிச்சுவரில் சேர்த்துவிட வேண்டும். ஏனென்றால் இதயத்தின் நுனி இடது வெண்ட்ரிக்கிளுக்குச் சொந்தம்.

நான்காவது, உள்கோடு. வெளிக்கோட்டுக்கும் உள்கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் சுவரின் தடிமன். இடது வெண்ட்ரிக்கிள் உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிறது. வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும். அதனால் இடது சுவரை வலது சுவரைப் போல மூன்று மடங்கு தடிமனாக வரையுங்கள். ஏட்ரியங்களின் சுவர் எல்லாவற்றையும்விட மெல்லியது. ஒரு சொல்லும் எழுதாமல், பாடத்தைப் புரிந்துகொண்டீர்கள் என்று காட்டும் இடம் இது.

ஐந்தாவது, வால்வுகள். வலப்பக்க அறைகளுக்கு நடுவே மூவிதழ் வால்வு, இடப்பக்கம் ஈரிதழ் வால்வு. இதழ்களின் முனை வெண்ட்ரிக்கிளை நோக்கிக் கீழே தொங்க வேண்டும்.

ஆறாவது, ரத்தக் குழாய்கள். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். நுரையீரல் தமனி வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பித் தாளின் வலப்பக்கம் சாய்ந்து மேலே போகிறது. பெருந்தமனி இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பி முதலில் இடப்பக்கம் சாய்ந்து, பிறகு குடைக் கைப்பிடிபோல வளைந்து திரும்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. முன்னால் போவது நுரையீரல் தமனி. ஆகவே அதை முதலில் முழுதாக வரைந்து, பெருந்தமனியின் வளைவுக்குக் கீழே வரும் இடத்தில் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பின்னால் போகும் பெருந்தமனியின் கோடு, கடக்கும் இடத்தில் நின்று மறுபக்கம் தொடரட்டும். பிறகு வலது ஏட்ரியத்துக்கு மேலிருந்து ஒரு பெருஞ்சிரை, கீழிருந்து ஒரு பெருஞ்சிரை. இடது ஏட்ரியத்துக்குள் நுழையும் நுரையீரல் சிரைகள். படம் முடிந்தது.

சரியா, தவறா? நீங்களே பாருங்கள்

புத்தகத்தைத் திறக்காமலே சோதிக்க ஒரு வழி உண்டு. பென்சில் முனையைத் தாளில் படாமல் பிடித்து, ரத்தம் போகும் வழியிலேயே நகர்த்துங்கள். பெருஞ்சிரையில் நுழைந்து, வலது ஏட்ரியம், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி. அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்த் திரும்பியதாக வைத்துக்கொண்டு, நுரையீரல் சிரை, இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. எங்காவது சுவரைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருந்தால், அந்த இடத்தில் தவறு இருக்கிறது. அந்த மாணவியின் முதல் படத்தில் பெருந்தமனி வலது வெண்ட்ரிக்கிளில் நின்றது. நான் சொல்லவில்லை. பென்சிலை ஓட்டிப் பார்த்துவிட்டு அவளே, “சார், இங்க வழி இல்லையே” என்றாள்.

பாகம் குறிக்கும்போது இரண்டு விஷயம்தான். குறிக்கோடு அளவுகோலால் போட்டதாக, ஒன்றையொன்று வெட்டாததாக இருக்க வேண்டும். பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடைமட்டமாக வர வேண்டும். அதைவிட முக்கியம், கோட்டின் முனை எங்கே முடிகிறது என்பது. வெண்ட்ரிக்கிள் என்று எழுதினால் கோடு சுவரைத் தாண்டி அறைக்குள் போக வேண்டும். வால்வு என்றால் இதழைத் தொட வேண்டும். பெயர் சரியாக இருந்து, கோடு பக்கத்து உறுப்பில் நின்றால் அது தவறான விடைதான். எழுதும் பெயரும் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள பெயராகவே இருக்கட்டும்.

பார்த்து வரைவது பயிற்சி ஆகாது

நம் வகுப்புகளில் “பத்து தடவை வரைஞ்சுட்டு வா” என்று சொல்கிறோம். பிள்ளைகள் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து தடவையும் பார்த்து வரைகிறார்கள். கண் பார்க்கிறது, கை நகர்கிறது, நினைவுக்கு வேலையே இல்லை. தேர்வில் புத்தகம் இருக்காது என்பதுதான் இதில் உள்ள ஓட்டை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாடப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அது உரைநடைப் பகுதிகளை வைத்துச் செய்த ஆய்வு, படங்களை வைத்து அல்ல. ஆனால் படத்திலும் இதையேதான் நான் கண்ணால் பார்க்கிறேன்.

எனவே நான் சொல்லும் முறை இது. முதல் நாள் ஒரே ஒரு தடவை பார்த்து வரையுங்கள். உடனே புத்தகத்தை மூடிவிட்டு, கட்டமும் வெளிக்கோடும் நடுச்சுவரும் மட்டும் மூன்று தடவை. அடுத்த நாள் எதையும் பார்க்காமல் முழுப் படம். பிறகுதான் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் குறியுங்கள். அந்தப் பகுதியை மட்டும் திரும்ப வரையுங்கள். முழுப் படத்தையும் அல்ல. மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு தடவை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் இதற்குப் போதும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. எல்லாப் படத்துக்கும் ஒரே வரிசை பொருந்தாது. ஒவ்வொரு படத்திலும் அதை அடையாளம் காட்டும் உறுப்பு எது என்று முதலில் கேட்க வேண்டும். இருவித்திலை வேரின் குறுக்குவெட்டில் அது, நடுவில் இருக்கும் நான்கு சைலக் கற்றைகள். வெளிவட்டத்தில் செல்களை வரைந்து வரைந்தே நேரத்தைத் தீர்த்துவிட்டு நடுவைக் கிறுக்கினால், அது எந்த வேரும் இல்லை. அங்கே நடுவிலிருந்து வெளியே வர வேண்டும். செல்களை ஒரு சிறு பகுதியில் மட்டும் காட்டினால் போதும்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில் வண்ணத்துக்கு ‘மிக நன்று’ போடுவதை நிறுத்திவிட்டு, வகுப்பில் 5 நிமிடம் கொடுத்து, புத்தகம் இல்லாமல் வரைந்த கோணல்மாணல் படத்தைத் திருத்துங்கள். அண்ணன் வரைந்த படத்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது.

மூன்றாவது வாரம் அவள் வரைந்த இதயம் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. நாலே முக்கால் நிமிடத்தில் முடித்திருந்தாள். பென்சிலை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை.