விடுபட்ட ஒரு பெயர்



லண்டனில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சி மண்டபம். காலையில் வேதியியல், மதியம் ஆங்கில இலக்கியம். முந்தின இரவு இரண்டு மணிவரை படித்த களைப்பில் அவளுக்கு எழுத்துகள் நீந்தின. முன்பின் பார்த்திராத ஒரு கவிதையைக் கொடுத்து விளக்கச் சொல்லியிருந்தார்கள். கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய். எதுகை ஒன்றும் இல்லை. "கட்டுப்பாடற்ற கவிதை" என்று ஒரு பக்கம் எழுதிவிட்டாள்.

இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. சும்மா வரிகளை எண்ணினாள். ஆறு வரியாக ஆறு பத்திகள், கடைசியில் மூன்று வரி, மொத்தம் 39. அப்போதுதான் வரிகளின் கடைசிச் சொற்கள் கண்ணில் பட்டன. தமிழில் சொன்னால், முதல் பத்தியில் கதவு, கை, உப்பு, கடல், விளக்கு, பெயர். இரண்டாவதில் பெயர், கதவு, விளக்கு, கை, கடல், உப்பு. அதே ஆறு!

ஓரத்தில் எண் போட்டாள்: 6, 1, 5, 2, 4, 3. கடைசிச் சொல், முதல் சொல், கடைசிக்கு முந்தினது, இரண்டாவது என்று இரு முனையிலிருந்தும் உள்ளே சுருள்கிறது. ஒரு பத்தியை முடிக்கும் சொல்லே அடுத்த பத்தியின் முதல் வரியை முடிக்கிறது. (நம் அந்தாதிக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.) செஸ்டீனா என்ற இந்த வடிவம் 12ஆம் நூற்றாண்டில் தெற்குப் பிரான்சின் பாடகர்களிடம் தோன்றியது. ஏழாவது பத்தி எழுதினால் பழைய வரிசையே திரும்ப வரும். அதனால்தான் ஆறோடு நிறுத்தி, மூன்று வரிக்குள் ஆறு சொற்களையும் வைத்து முடிக்கிறார்கள்.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. தெரிந்து எழுதினாலும் அதற்காக மட்டும் பெரிய மதிப்பெண் கிடைத்திருக்காது. அந்தச் சுருள் இந்தத் தாயை என்ன செய்கிறது என்று சொல்லவேண்டும். கதவு, விளக்கு, உப்பு என்று அதே ஆறு பொருளைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். வீட்டைவிட்டு வெளியேற முடியவில்லை.

அடுத்தடுத்த வரிசையைத் தானே கணக்கிட்டு ஒப்பிட்டாள். மூன்றாம் பத்தி சரி. நான்காவதில், நான்காம் வரியில் "பெயர்" வரவேண்டும். அங்கே "அவன்" என்றிருந்தது.

திரும்பவும் எண்ணினாள். கணக்கு சரிதான். கவிதை முழுவதிலும் அந்த ஓரிடத்தில் மட்டும் தாயால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. ஒழுங்கு தெரியாதவருக்கு அந்த உடைவும் தெரியாது.

எழுதிய பக்கத்தை ஒரே கோட்டில் வெட்டிவிட்டு, மணி அடிக்கும்வரை எழுதினாள்.

வெளியே அப்பா வானோடு நின்றார். "எப்பிடிப் பிள்ளை?"

"ஒரு பேர் விடுபட்டுப் போச்சு அப்பா."

அவர் முகம் வெளிறியது. "ஐயோ, உன்ர பேரோ?"