கடைத்தெருச் சிங்களமும் காரியாலயச் சிங்களமும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எமது வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு எம்மிடம் ஒரு குறையைக் கொண்டுவந்தான். "ஐயா, மூன்று வருடத்துக்கு முன் பதுளைக்கு வந்தபோது ஆறு மாதத்தில் சிங்களம் பேசக் கற்றுக்கொண்டேன். அதன்பின் ஒரு சாண் கூட ஏறவில்லை. கடையில் பேரம் பேசுகிறேன், பஸ்ஸில் சண்டை போடுகிறேன். ஆனால் பிரதேச செயலகத்திலிருந்து வந்த கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துச் சொல்ல முடியவில்லை" என்றான். இந்தக் குறை அவனுக்கு மட்டும் உரியதன்று. ஊவாவின் தோட்டப் பிள்ளைகளில் பெரும்பாலார் இதே இடத்தில்தான் நிற்கின்றனர். அரச சேவையில் 2007 யூலைக்குப் பின் சேருவோர் இரண்டாவது அரச மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி வந்தபின், அப்படி நிற்பதன் விலையும் ஏறிவிட்டது.

தேர்ச்சி ஓரளவு ஏறியபின் சமநிலமாய்க் கிடக்கும் இந்த நிலையை முதன்முதலில் வரைபடமாக்கிக் காட்டியோர் பிறயன், ஹாட்டர் என்ற இரு அமெரிக்கர்கள். 1897இலும் 1899இலும் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி தந்தி பயில்வோரைப் பற்றியது. தந்தி அனுப்பும் வேகம் தடையின்றி ஏறியது. வாங்கும் வேகமோ இடையில் வாரக்கணக்கில் அசையாது கிடந்து பின் மீண்டும் ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்ட செவி, சொல் சொல்லாகவும் தொடர் தொடராகவும் கேட்கப் பழகும் காலம் அதுவென அவர்கள் கருதினர். பின்வந்த ஆய்வாளர் பலர் அந்தச் சமநிலத்தைத் தம் சோதனைகளிற் காணாததால், அது எல்லோருக்கும் வந்தே தீரும் விதி என்று கொள்ளுவதற்கில்லை. பயிற்சியின் முறையைப் பொறுத்து அது தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். எமது மாணவன் செய்துவந்த பயிற்சி எத்தகையது என்று பார்ப்போம்.

முதல் ஆறு மாதம் அவன் விரைந்து ஏறியதற்குக் காரணம் எளிது. 'மம பதுல்லட்ட யனவா' என்பதை 'நான் பதுளைக்குப் போகிறேன்' என்பதனோடு ஒப்பிட்டால் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கும். நாம் 'கு' உருபு சேர்க்கும் இடத்தில் அவர்களும் ஓர் உருபைச் சேர்க்கின்றனர், வினையும் ஈற்றிலே வருகிறது. 'எனக்கு வேண்டும்' என்பதற்கு 'மட்ட ஓனே' என்கையிலும் அதே அச்சுத்தான். போதாக்குறைக்குப் பேச்சுச் சிங்களத்தில் வினைமுற்று ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. நான், நீ, அவன், அவர்கள் யாவருக்கும் 'யனவா' ஒன்றே. தமிழன் தன் வாக்கியத்தில் சொற்களை மாற்றி வைத்தாலே பாதிச் சிங்களம் வந்துவிடும். ஆதலின் ஏற்றம் செங்குத்தாக இருந்தது.

இரண்டு மொழியும் வேறுபடும் இடங்களில்தான் வண்டி நிற்கிறது. ஒன்றை மட்டும் விரித்துச் சொல்லுவோம். 'வீட்டில் தண்ணீர் இருக்கிறது', 'வீட்டில் நாய் இருக்கிறது' என இரண்டுக்கும் நாம் ஒரே வினையை வழங்குகிறோம். சிங்களத்தில் தண்ணீருக்குத் 'தியெனவா', நாய்க்கு 'இன்னவா'. நாம் நாயை அஃறிணையிற் சேர்த்துத் தண்ணீரோடு வைத்தோம். சிங்களரோ உயிருள்ளது, உயிரற்றது எனப் பிரித்து நாயை மனிதரோடு வைத்தனர். மரத்துக்கு உயிருண்டென நம் பிள்ளைகள் விஞ்ஞானத்திற் படித்திருப்பர். சிங்கள இலக்கணம் அதை இசைவதில்லை, மரத்துக்கும் 'தியெனவா'தான்! எமது மாணவன் மூன்று வருடமாக 'வத்துர இன்னவா' என்று சொல்லிவந்தான். மரக்கறிக் கடைக்காரர் அவனை ஒரு தடவையேனும் திருத்தவில்லை. பொருள் விளங்கிவிட்டது, காசும் கைமாறிவிட்டது, திருத்துவானேன்? பேசிய காரியம் முடிந்துவிடுவதால் பிழை தன் இடத்திலேயே இறுகிப்போகிறது. 1972இல் சேலிங்கர் என்ற மொழியியலார் இதனைப் புதைபடிவமாதல் என்ற பொருளுடைய பெயரிட்டு விளக்கினார். இன்னும் நூறு நாள் கடைத்தெருவிற் பேசினாலும் இப்பிழை போகாது, மேலும் உறுதிப்படும்.

இன்னொரு தடை அவனது கொப்பியிலே இருந்தது. சிங்களச் சொற்களை அவன் தமிழெழுத்தில் எழுதி மனனம் செய்திருந்தான். நமது 'ப' ஒன்றே அவர்களது இரண்டு எழுத்துக்கு நிற்க வேண்டியிருக்கிறது; நாமும் இக்கட்டுரையில் அந்தக் குற்றத்தையே செய்கிறோம். சோறு எனப் பொருள்படும் சொல்லும் அதனோடு ஒலியில் அண்டிய வேறொரு சொல்லும் அவன் கொப்பியில் ஒரே 'பத்' ஆகக் கிடந்தன. காதுக்குப் பிரிந்து கேட்பது எழுத்தில் ஒன்றானால், சில காலத்தில் காதும் பிரிக்க மறந்துவிடும்.

மூன்றாவதும் பெரியதுமான தடை, கடிதத்தின் சிங்களம் பேச்சுச் சிங்களமன்று என்பதே. 'ளமயா இஸ்கோலெட்ட யனவா' என்று தெருவிற் கேட்பது, எழுத்தில் 'ளமயா பாசலட்ட யயி' ஆகிறது. பிள்ளைகள் பலரானால் 'யத்தி'. நான் போனால் 'யமி'. பேச்சில் மறைந்துபோன ஆள்விகுதிகள் எழுத்தில் அப்படியே இருக்கின்றன. போகிறேன், போகிறான், போகிறார்கள் என்று நாள்தோறும் சொல்லும் தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதா? கடைத்தெருச் சிங்களத்தைவிட எழுத்துச் சிங்களமே இவ்வகையில் நமக்குக் கிட்டியது. இதை அவனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. விகுதிகளை வரிசையாக எழுதிக் காட்டியபின்னரே முகம் மாறினான்.

பயிற்சியை நாம் மாற்றிய விதம் இது. தமிழெழுத்துக் கொப்பியை மூடச் செய்து, சிங்கள எழுத்திலேயே புதிய கொப்பி தொடங்கினோம். வாசிப்புக்கு அவன் பத்திரிகைத் தலையங்கத்தை எடுத்திருந்தான். நூறு சொல் எண்ணி, தெரியாதவற்றைக் கோடிடச் சொன்னோம். பதினேழு வந்தது. அது வாசிப்பன்று, அகராதி புரட்டல். கீழ்வகுப்புச் சிங்களப் பாடநூலொன்றில் அதே கணக்கு நான்காயிற்று, அதையே எடுத்துக்கொண்டான். நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படின் நூலை மாற்றுவது நலம். பதினேழு வயதில் சின்னப்பிள்ளைகளின் புத்தகமா என்று முதலில் நாணினான், லயத்துத் தம்பிக்கு வாங்கியதாகச் சொல்லிக்கொண்டான்!

இரவில் ஐந்தே வாக்கியம். எழுத்து வடிவைப் பேச்சாக மாற்றி எழுதி, மறுநாள் நூலை மூடிவிட்டுப் பேச்சு வடிவிலிருந்து எழுத்தை மீட்க வேண்டும். பின் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். முன்னதில் அவன் தவறவில்லை. பின்னதிலேதான் விகுதிகள் விழுந்தன. சிங்கள மாணவத் தோழன் ஒருவனோ ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் கேட்டுத் திருத்துவதாக ஒப்புக்கொண்டான். முதல் வாரம் 'இன்னவா', 'தியெனவா'. எல்லாப் பிழையையும் ஒருங்கே திருத்தப் புகுந்தால் பேச்சே நின்றுவிடும் என்பதை முந்திய மாணவரிடம் நாம் கண்டிருக்கிறோம்.

முதற் சில வாரங்களில் அவன் பேச்சு முன்னிலும் தடுமாறியது. நாவுக்குப் பழகிய பிழையை நிறுத்தி யோசிக்கும் காலத்தில் வேகம் குறைவது இயல்பு; அதைக் கண்டு பழைய வழிக்கு ஓடுவோரே அதிகம். ஆதலின் வேகத்தை அளவாகக் கொள்ளாது, முதல்நாள் கோடிட்ட தலையங்கத்தைப் பத்திரப்படுத்தி வைத்தோம். மூன்று மாதங் கழித்து அதையே எடுத்து எண்ணியபோது பதினேழு ஒன்பதாகியிருந்தது.

பிரதேச செயலகக் கடிதத்தை இப்போது அவன் பாதியளவு வாசிக்கிறான். மீதிப்பாதி வடமொழிச் சொற்கள் நிறைந்த காரியாலய நடை. அவற்றுட் சில தமிழிலும் வழங்குவதால் ஊகித்துப் பிடிக்கிறான், சிலவேளை தப்பாகவும் பிடிக்கிறான். சென்ற கிழமை தகப்பனாருக்கு வந்த காணிக் கடிதத்தில் திகதியையும் வரவேண்டிய இடத்தையும் சரியாகச் சொல்லிவிட்டு, கொண்டுவர வேண்டிய பத்திரம் எது என்பதில் மட்டும் ஐயப்பட்டு எம்மிடம் எடுத்துவந்தான்.