ஃபேட்டி லிவர்... கல்லீரலில் தழும்பு இருக்குமா? 4 எண்களில் ஒரு கணக்கு!

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று இருந்தால், பலரும் 'ஆரம்ப நிலைதானே' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த கிரேடு, கொழுப்பின் அளவை மட்டுமே சொல்கிறது. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. அதைக் கணிக்க உதவுவதுதான் 'ஃபிப்-4' ஸ்கோர்.

வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட்... இந்த நான்கும் போதும். தழும்பு அதிகமானால் மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பிளேட்லெட்டுக்கு இதில் இடம்.

உதாரணமாக, 52 வயதுக்காரர் ஒருவருக்கு எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 1.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கினால் 2,496. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் 8. அதை பிளேட்லெட்டால் பெருக்க வேண்டும். 1.8 லட்சத்தை 180 என்று எடுக்க வேண்டும், இங்குதான் பலர் தவறுவார்கள். 180 x 8 = 1,440. முதல் எண்ணை இதனால் வகுத்தால், ஸ்கோர் 1.73.

ஸ்கோர் 1.3-க்குக் கீழ் என்றால் தீவிரத் தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவர் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், அடுத்து ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே வழி.

35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2.0 என்று கொள்ள வேண்டும். டெங்கு காய்ச்சலில் பிளேட்லெட் குறைந்திருக்கும்போது போட்டால், ஸ்கோர் பொய்யாக எகிறும். குணமான பிறகு எடுத்த ரிப்போர்ட்டை வைத்தே கணக்குப் போடுங்கள்.