"நன்றி" என்று எழுதினால் போதுமா? மீள்பிரசுரமும் மூலக் கட்டுரையின் முகவரியும்

புலம்பெயர் தமிழ் இணையத்தளங்களில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. வேறொரு தளத்தில் வெளிவந்த நல்ல கட்டுரையை முழுமையாக எடுத்துத் தமது பக்கத்தில் இட்டு, அடியில் "நன்றி" என எழுதி மூலத் தளத்தின் பெயரைச் சேர்ப்பதோடு கடமை முடிந்ததாகக் கொள்வர். வாசகருக்கு அது மரியாதைக் குறிப்பு. ஆனால் இணைப்பு இல்லாத அந்தப் பெயரைப் பின்தொடர்ந்து மூலப் பக்கத்தை அடையத் தேடுபொறிக்கு வழியில்லை. ஒரே உரை இரண்டு முகவரிகளில் இருப்பதை மட்டுமே அது காண்கிறது. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றதைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது.

யேர்மனியில் ஒரு தமிழ் இளையோர் அமைப்பு, 2002 இல் குடமுழுக்குக் கண்ட ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத்தைப் பற்றி ஒரு கட்டுரையைத் தன் தளத்தில் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். வெளியான அன்றே ஒரு பெரிய செய்தித்தளம் அதை எடுத்துப் போடுகிறது. சில நாட்களின் பின் கட்டுரையில் ஓர் ஆண்டு தவறாக இருப்பது தெரியவர, அமைப்பு தன் பக்கத்தைத் திருத்துகிறது. பிரதி திருத்தப்படவில்லை. பாடசாலையில் ஆலயத்தைப் பற்றிப் பேசவேண்டிய ஒரு பிள்ளை தேடும்போது முதலில் வருவது அந்தப் பெரிய தளத்தின் பிரதியே. பழைய தவறு வகுப்பறைக்குச் செல்கிறது. எழுதியவரின் பெயர் வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. பிரதியைத் தாங்கிய தளம் ஒருநாள் மூடப்பட்டால் அதனுடன் அந்த இணைப்புகளும் அழியும். 2009 ஒக்டோபரில் யாகூ தனது ஜியோசிற்றிஸ் சேவையை நிறுத்தியபோது எத்தனையோ தனியார் பக்கங்கள் அவ்வாறுதான் மறைந்தன.

இதற்கென உருவான ஏற்பாடே கனோனிக்கல் சுட்டி. 2009 பெப்ரவரியில் கூகிள், யாகூ, மைக்ரோசொப்ட் ஆகிய மூன்றும் இணைந்து இதனை அறிவித்தன. தொடக்கத்தில் ஒரே தளத்துக்குள் பல முகவரிகளில் தோன்றும் பக்கங்களுக்கே இது பயன்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் வேறொரு தளத்தின் முகவரியைச் சுட்டுவதையும் கூகிள் ஏற்றது. பிரதிப் பக்கத்தின் தலைப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இந்த ஒரு வரி இருக்க வேண்டும்:

```
<link rel="canonical" href="https://moolam.example/hamm-kovil/">
```

"இவ்வுரையின் மூலம் அங்கே உள்ளது" என்பதே இதன் பொருள். ஆயினும் பலர் இதனைக் கட்டளை என நம்புவது பிழை. கூகிள் இதை ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. இரு பக்கங்களின் உள்ளடக்கம் எவ்வளவு ஒத்திருக்கிறது, எதனை நோக்கி அதிக இணைப்புகள் வருகின்றன என்பன போன்ற பிற சான்றுகளையும் அது பார்க்கிறது. செய்தித்தளத்தின் பக்கத்தில் கட்டுரையைச் சுற்றி விளம்பரங்களும் பிற செய்திகளும் நிறைந்திருந்தால், இரு பக்கங்களும் வெவ்வேறானவை என்று அது முடிவு செய்யக்கூடும். இக்காரணத்தாலேயே 2023 இல் கூகிள் தன் வழிகாட்டலை மாற்றியது. கட்டுரையைப் பிற தளங்களுக்குக் கொடுப்போர் கனோனிக்கலை மட்டும் நம்பாமல், பிரதியைத் தேடலில் சேர்க்கவேண்டாம் எனச் சொல்லும் `noindex` குறியைப் பங்காளித் தளத்திடம் கேட்கவேண்டும் என்பதே இப்போதைய ஆலோசனை. பங்காளித் தளங்கள் இதற்கு எளிதில் இணங்குவதில்லை. தேடலில் வரும் வாசகரை இழக்க யார்தான் விரும்புவர்?

ஆகவே காலதாமதமே சிறிய அமைப்புகளின் கையிலுள்ள முதற் கருவி. எத்தனை நாட்கள் என்று கூகிள் எங்கும் வரையறுக்கவில்லை. ஒன்றிரண்டு வாரங்கள் என்பது பலரும் கைக்கொள்ளும் வழக்கம் மட்டுமே. அரிதாகப் புதுப்பிக்கப்படும் தளங்களைத் தேடுபொறி மெதுவாகவே வந்து பார்க்கும். எனவே நாட்காட்டியை எண்ணுவதை விட, Google Search Console இல் URL Inspection என்ற இடத்தில் மூலப் பக்கத்தின் முகவரியை இட்டுப் பார்ப்பதே சரியான முறை. பக்கம் சேர்க்கப்பட்டுவிட்டது என்று அது சொன்ன பின்னரே கட்டுரையை வெளியே விடவேண்டும். அதற்கு முன் தளத்தின் செய்தியோடையையும் கவனிக்கவேண்டும். முழு உரையும் ஓடையில் போகுமாயின், தானியங்கியாக அள்ளும் தளங்கள் சில நிமிடங்களில் பிரதியெடுத்துவிடும். தாமதம் வீணாகும். வேர்ட்பிரஸ் தளங்களில் ஓடைக்குச் சுருக்கத்தை மட்டும் அனுப்பும் தெரிவு, வாசிப்பு அமைப்புகளிலேயே உள்ளது.

பின்னர் எங்கு, எவ்வாறு என்பது. மீடியம் தளத்தில் கட்டுரையை ஒட்டாமல் அதன் இறக்குமதிக் கருவி மூலம் கொண்டுவந்தால், கனோனிக்கல் மூலத்தை நோக்கித் தானாகவே அமையும். முகநூல், லிங்க்ட்இன் போன்றவற்றில் அந்த வசதி எழுதுபவருக்கு இல்லை. அங்கே முழுக் கட்டுரையை இடுவது தேவையற்ற தாராளம். முதல் இரண்டு பந்திகளும் இணைப்பும் போதும். செய்தித்தளம் `noindex` இற்கு இணங்காவிட்டால் கனோனிக்கலையாவது கேட்கலாம். அதற்கும் மறுத்தால் "நன்றி" வரியில் கட்டுரையின் நேர் முகவரிக்கு, முகப்புப் பக்கத்துக்கு அன்று, இணைப்புத் தரச்செய்வது குறைந்தபட்ச நிபந்தனை.

தமிழுக்கே உரிய ஓர் இடரும் உண்டு. முகவரியில் தமிழ் எழுத்துகள் இருந்தால், ஒட்டும்போது அவை சதவீதக் குறிகளாக மாறும். "கோவில்" என்ற ஒரே சொல் 54 குறிகளாக நீளும். இடையில் ஒன்று அறுந்தாலும் கனோனிக்கல் இல்லாத பக்கத்தைச் சுட்டும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் முகவரி உரோம எழுத்தில் இருப்பது அதனால்தான்.

மீள்பிரசுரம் ஆன சில வாரங்களின் பின் மீண்டும் URL Inspection பார்க்கவேண்டும். "Duplicate, Google chose different canonical than user" என்று வந்தால், கூகிள் வேறொரு முகவரியை மூலமாக ஏற்றுவிட்டது என்று பொருள். கட்டுரையின் ஒரு வாக்கியத்தை மேற்கோட்குறிக்குள் இட்டுத் தேடினால் அது யாருடைய பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எழுதியவரின் உரிமை வேறு கதை. யேர்மனியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38 ஆம் பிரிவின்படி, சஞ்சிகை போன்ற தொடர்வெளியீட்டுக்குக் கொடுத்த ஆக்கத்தை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, ஓராண்டின் பின் எழுதியவர் வேறிடத்தில் வெளியிடலாம். அச்சுச் சஞ்சிகைக்கு எழுதியதை இணையத்தில் இட விரும்புவோர் இந்த ஓராண்டையும் கணக்கில் எடுக்கவேண்டும். இல்லையேல் முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு செய்துகொள்வது நன்று.

இளையோருக்காகக் கட்டுரையை யேர்மன் மொழியில் பெயர்க்கும் அமைப்புகள், அதனையும் பிரதி என்று எண்ணித் தமிழ்ப் பக்கத்துக்குக் கனோனிக்கல் இடுவதுண்டு. இது பெருந்தவறு. மொழிபெயர்ப்பு தேடுபொறியின் கண்ணில் பிரதியன்று. அவ்வாறு சுட்டினால் யேர்மன் பக்கமே தேடலிலிருந்து விலகிப்போகக்கூடும். யேர்மன் மொழியில் தேடும் பிள்ளைக்கு எதுவும் கிட்டாது. ஒவ்வொரு பக்கமும் கனோனிக்கலில் தன்னையே சுட்டவேண்டும். பின் இவ்விரு வரிகளும் இரண்டு பக்கங்களிலும் இடம்பெறவேண்டும்:

```
<link rel="alternate" hreflang="ta" href="https://moolam.example/hamm-kovil/">
<link rel="alternate" hreflang="de" href="https://moolam.example/de/hamm-tempel/">
```

ஒரு பக்கத்தில் மட்டும் இட்டு மற்றதில் மறந்துவிட்டால், கூகிள் அந்த இணைப்பைப் பொருட்படுத்தாமல் விடக்கூடும்.