வெறும் "ஹாய்" அனுப்பாதீங்க மக்களே!

எங்க ஆபீஸுக்கு ஆளெடுக்குற வேலை இப்போ என் தலையில. வாட்ஸப்ல காலங்காத்தால ஒரு "ஹாய்" வரும். பதில் போட்டா, ரெஸ்யூமைப் படம் புடிச்சு 4 போட்டோவா அனுப்புவாங்க. வாட்ஸப் போட்டோவைச் சுருக்கித்தானே அனுப்புது? பெரிசாக்கினா எழுத்து கலங்கிடும். நல்ல அனுபவமுள்ள ஒருத்தரோடதை இப்படித்தான் படிக்க முடியாம மேனேஜர் ஒதுக்கிட்டார். வயித்தெரிச்சலா இருந்துச்சு!

வேர்டு ஃபைலும் வேணாம், போன்ல திறந்தா கட்டமெல்லாம் கலைஞ்சுடுது. பிடிஎஃப் ஆக்கி, Document வழியா அனுப்புங்க. ஃபைலோட பேரும் அப்படியே வரும். அது `resume_final2.pdf`னு இருந்தா, மேனேஜருக்குத் தள்ளிவிட்டதும் யாரோடதுன்னே தெரியாது. `Kumar_Accountant_3yrs.pdf`னு வைங்க.

கூடவே ஒரே மெசேஜ்: "வணக்கம் மேடம். கணக்காளர் வேலைக்கான விளம்பரம் பார்த்தேன். டேலியில் 3 வருஷ அனுபவம். ஒரு மாசத்தில் சேர முடியும். ரெஸ்யூம் இணைத்துள்ளேன். நன்றி, குமார்." அவ்ளோதான்!

ப்ளூ டிக் விழுந்ததும் போன் அடிக்கிறது, ராத்திரி 11 மணிக்கு மூணு கேள்விக்குறி அனுப்புறது எல்லாம் எதுக்கு? ரெண்டு வேலைநாள் கழிச்சு ஒருதடவை கேளுங்க. "நீங்க மட்டும் பதிலே போடாம இருக்கலாமா?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். எங்க வண்டவாளத்துக்குத் தனிப்பதிவே போடணும்.