கசிவுத் தண்ணீருக்குத் தீர்வை: பத்திரிகைக் கடிதம் பற்றிச் சங்கத்தின் நிலை

பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனப் பகுதியைச் சேர்ந்த நம் அங்கத்தினர் ஒருவர், பசலி 1310க்குத் தம் புஞ்சையின் மேல் புதிதாகப் போட்ட தண்ணீர்த் தீர்வையைக் கண்டித்துப் பத்திரிகாசிரியருக்கு எழுதிய கடிதத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்கும் விஷயம் வந்து சேர்ந்திருக்கும். கடிதத்தைச் சங்கம் ஏற்கிறதா, கைவிடுகிறதா என்று தாலுகா கச்சேரியிலிருந்து வாய்மொழியாகக் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஜமாபந்தி நெருங்குவதால், நிர்வாகக் கமிட்டி இரண்டு இரவு கூடிப் பேசி இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

கடிதத்தின் சாரத்தைச் சங்கம் ஏற்கிறது. அதில் உள்ள எல்லா வாசகங்களையும் ஏற்பதாக இதற்குப் பொருள் இல்லை. கமலை மாட்டுக்குத் தவிடும் பிண்ணாக்கும் இனி சர்க்காரே போடட்டும் என்ற வாக்கியத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது கமிட்டியில் பெரும்பாலோர் கருத்து. அந்த வாக்கியம்தான் சரியான வாக்கியம் என்று மூவர் சொன்னதையும் குறிப்பில் ஏற்றியிருக்கிறோம்.

தண்ணீர்த் தீர்வை கூடவே கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. சர்க்கார் கால்வாயில் மடை திறந்து பாய்ச்சுகிறவர் அதற்குரியதைக் கட்டத்தான் வேண்டும். நம் அங்கத்தினர்களில் நஞ்சைக்காரர்கள் பலர் 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகே நிமிர்ந்தவர்கள். பெரியாற்று அணையைக் குறை கூறும் எதிலும் கையெழுத்திட மாட்டோம் என்று அவர்கள் சொன்னது நியாயமே. இந்த வழக்கு மடைத் தண்ணீரைப் பற்றியது அல்ல. யாரும் கேட்காமல், யாரும் திறக்காமல், கால்வாய்க் கரைக்கு அடியில் ஊறி வரும் ஈரத்தைப் பற்றியது.

1865ஆம் வருஷத்து 7ஆவது சட்டப்படி, சர்க்காருக்குச் சொந்தமான ஆறு, வாய்க்கால், ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்துப் பாய்ச்சினால் தீர்வை உண்டு. கசிவைப் பற்றி அன்று தெளிவாக எதுவும் இல்லை. 1900இல் வந்த 5ஆவது சட்டம் அதைத் திருத்தி, பக்கத்து நிலத்தின் வழியாகக் கசிந்தோ வடிந்தோ வரும் தண்ணீருக்கும் தீர்வை போடலாம் என்று சேர்த்துவிட்டது. சேர்த்தவர்கள் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். அந்தப் பாசனம் பயிருக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும். அந்தப் பயிரின் தேவைக்குப் போதுமானதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. இரண்டும் உண்டா என்பது தீர்வை போடும் ரெவின்யூ உத்தியோகஸ்தரின் அபிப்பிராயம். அது கலெக்டருக்கும் ரெவின்யூ போர்டுக்கும் கட்டுப்பட்டது.

இனி கடிதம் எழுதிய அங்கத்தினரின் நிலத்தில் நடந்ததைப் பாருங்கள். புஞ்சை 2 ஏக்கர். பட்டாப்படி தீர்வை 2 ரூபாய் 8 அணா. போட்டிருந்தது கேழ்வரகு. தாது வருஷப் பஞ்சம் முடிந்ததும் அவர் தகப்பனார் வெட்டிய கிணறு உண்டு. கால்வாய் வருவதற்குப் பல வருஷம் முன்பே அதில் கமலை ஓடியது ஊர் அறிந்தது. கிளைக் கால்வாய் வந்தபின் கீழ்க்கோடியில் இரண்டு பாத்தியில் மட்டும் ஈரம் காய்வதில்லை. அஜ்மாயிஷ் பார்க்க வந்தவர் வரப்போரமாக நடந்து வந்து, அந்தக் கீழ்ப் பாத்தியில் கைத்தடியை ஊன்றினார். தடி இறங்கிற்று. முழங்கை அளவு சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைத்துவிட்டு இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து எழுதச் சொல்லிப் போய்விட்டார். மேல்கோடிக்கு அவர் ஏறவே இல்லை. கமலை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. மாட்டின் சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. ஏக்கருக்கு 4 ரூபாய் வீதம் 8 ரூபாய் ஏறி, 2 ரூபாய் 8 அணாவாக இருந்த கிஸ்தி 10 ரூபாய் 8 அணா ஆயிற்று.

கசிவு அந்தப் பயிருக்குப் போதும் என்றால், விடிவதற்கு முன் எழுந்து மாட்டைப் பூட்டிக் கமலை இறைப்பவனுக்குப் பைத்தியமா? போதுமானதா என்ற கேள்விக்கு அந்தக் கமலையே பதில். அது போதாதென்றால் வேறு சோதனையும் உண்டு, ஒரு காசு செலவில்லை. எட்டு நாள் இறைப்பை நிறுத்திவிட்டு மேல்பாத்தியைப் போய்ப் பார்க்கலாம். இலை சுருண்டு, தாள் வெளுத்து நின்றால் கசிவு அங்கே எட்டவில்லை என்று குழந்தைக்கும் தெரியும். கால்வாய் அடைக்கும் முன்பும் அடைத்து ஒரு மாதம் கழிந்தும் கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்க்கலாம். கால்வாயோடு சேர்ந்து கிணறும் இறங்கினால் அதில் சர்க்கார் தண்ணீர் கொஞ்சம் உண்டென்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. இறங்காவிட்டால், சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுக்குக் கூடுதல் தீர்வை இல்லை என்று சர்க்கார் ரயத்துக்களுக்கு வெகுகாலமாகச் சொல்லிவரும் வாக்கு நிற்க வேண்டும். இந்தச் சோதனைகளில் ஒன்றையும் செய்யாமல், ஒரு தடி சேற்றில் இறங்கியதை வைத்து அபிப்பிராயம் சொல்லியாகிவிட்டது.

நன்மை என்ற பேச்சையும் எடுத்துக்கொள்வோம். அந்த இரண்டு கீழ்ப் பாத்தியில் கேழ்வரகு தேறவில்லை. வேர் அழுகி மஞ்சளாயிற்று. புஞ்சைத் தானியத்துக்கு நின்ற ஈரம் ஆகாது என்பது கச்சேரியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ரகசியமா? அடுத்த கோடையில் அதே இடத்தில் உவர் பூத்துக் கிடந்ததை எங்களில் இருவர் நேரில் பார்த்து வந்தோம். கரையைச் சரியாகக் கெட்டிக்காமல் தண்ணீரை ஒழுக விட்டு, ஒழுகிய தண்ணீரால் நிலம் கெட்டு, கெட்ட நிலத்துக்கு நன்மை வரி! நஷ்டஈடு கேட்க வேண்டியவனிடம் 8 ரூபாய் கேட்கிறார்கள். இந்தப் பத்தியின் கடுமையைக் குறைக்கலாம் என்று தலைவர் சொன்னார். ஓட்டெடுப்பில் குறைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று.

 

பத்திரிகைக்கு எழுதியது குற்றமல்ல. மனுக் கொடுத்துப் பதில் வராத பிறகே அவர் எழுதினார்.

கிஸ்தியை நிறுத்தலாம் என்று சிலர் முன்மொழிந்த யோசனையைச் சங்கம் இப்போதைக்கு ஏற்கவில்லை. இந்தத் தீர்வையின் பாக்கியும் நிலவரிப் பாக்கியைப் போலவே 1864ஆம் வருஷத்து 2ஆவது சட்டப்படி வசூலாகும். ஜப்தி வந்தால் முதலில் பறிபோவது கமலை மாடாகவே இருக்கலாம். ஆகவே, ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்தி, கலெக்டருக்கு அப்பீல் செய்வதே தற்சமயம் உசிதம் என்று கருதுகிறோம். 8 ரூபாய் கடன் வாங்க வேண்டியவருக்கு இந்த உசிதம் எவ்வளவு கசக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறோம்.

கால்வாயோரம் புஞ்சை உள்ள அங்கத்தினர்கள் ஜமாபந்திக்கு முன்பே கர்ணத்திடம் போய், அடங்கலில் தம் சர்வே நம்பருக்கு எதிரே பாசன ஆதாரமாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும். சொந்தக் கிணறு என்று இருக்க வேண்டிய இடத்தில் கால்வாய் என்று இருந்தால், பிறகு எவ்வளவு வாதாடியும் பலன் குறைவு. கிணறு எந்த வருஷம் வெட்டியது என்பதற்கு ஊரில் வயதான இரண்டு பேரைச் சாட்சியாக அழைத்து வரவும். நிலம் முழுவதும் ஈரமில்லை என்றால், ஈரமுள்ள பாத்திகளை மட்டும் அளந்து பிரித்து எழுதும்படி கேட்கவும்.

உத்தியோகஸ்தர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. கசிவுத் தீர்வை போடும் முன் நிலத்தின் நான்கு கோடியும் நடந்து பார்த்து, எவ்வளவு பாகத்துக்குப் போதுமானது என்பதைக் காரணத்தோடு எழுதி, அந்த நகலைப் பட்டாதாரருக்குக் கொடுக்க வேண்டும்.

ஜமாபந்தி முடிந்த மறு ஞாயிறு சங்கம் மீண்டும் கூடும். கிஸ்தி நிறுத்தும் தீர்மானத்தை அன்று மறுபடியும் கொண்டுவரப் போவதாக அதை முன்மொழிந்தவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தலைவர் அனுமதித்திருக்கிறார்.