டையோடும் மின்தேக்கியும் மட்டும் போதுமா?

வானொலியில் வரும் குரலை அலையிலிருந்து பிரித்தெடுப்பது எது என்று இயற்பியல் மாணவர் எவரைக் கேட்டாலும், "ஒரு டையோடும் ஒரு மின்தேக்கியும்" என்றே விடை வரும். முதுகலையில் மொழியியல் படித்த நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த விடையில் ஓர் உறுப்பு விடுபட்டிருக்கிறது. அது விடுபட்டதால் என் ஆய்வின் நான்கு வாரங்கள் வீணாயின. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். செய்தி வாசிப்பவர்களின் குரல்தன்மை என் ஆய்வின் ஒரு பகுதி. 1943 மார்ச்சில் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகத் தொடங்கி, 1950 ஏப்ரலில் அகில இந்திய வானொலியோடு இணைந்த திருவனந்தபுரம் நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பைப் பதிவுசெய்ய விரும்பினேன். அதன் அலைவெண் 1161 கிலோஹெர்ட்ஸ். நகருக்குள் அலை வலுவாக வருவதால் விலை உயர்ந்த ஏற்பி தேவைப்படவில்லை. காரியவட்டத்தில் நான் தங்கியிருந்த விடுதியின் மாடியில் நீண்ட கம்பி ஒன்றைக் கட்டினேன். கம்பிச்சுருளும் மாறு மின்தேக்கியும் கொண்டு நிலையத்தைத் தேர்ந்தேன். பிறகு ஒரு ஜெர்மானியம் டையோடு, ஒரு நானோஃபாரட் மின்தேக்கி, 100 கிலோ ஓம் மின்தடை ஆகியவற்றை இணைத்து, இடையில் ஒரு சிறு பெருக்கியை வைத்துக் கணினிக்குக் கொடுத்தேன். குரல் தெளிவாகவே கேட்டது.

அளக்கத் தொடங்கியபோது ஒரு விந்தை தென்பட்டது. வாசிப்பவர் அழுத்திச் சொல்லும் "ஆ" ஒலிகளில் மட்டும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் எதிர்பாராத ஆற்றல் இருந்தது. தொண்டையை இறுக்கிப் பேசும் குரலில் இப்படி வருவதுண்டு. செய்தி வாசிப்பிற்கே உரிய ஒரு குரல்நடை இது என்று குறிப்பெழுதி, நெறியாளருக்கும் அனுப்பிவிட்டேன். அது எந்தத் தொண்டையிலிருந்தும் வரவில்லை, என் சுற்றிலிருந்து வந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது.

எப்படி என்று விளங்க, அந்தச் சுற்று செய்யும் வேலையை அடியிலிருந்து பார்க்க வேண்டும். வீச்சுப் பண்பேற்றத்தில் ஊர்தி அலை நொடிக்கு 11,61,000 முறை மேலும் கீழும் செல்கிறது. அதன் உயரம் மட்டும் குரலுக்கேற்பக் கூடிக் குறைகிறது. அலையின் முகடுகளைத் தொட்டுச் செல்லும்படி ஒரு கோடு வரைந்தால் அதுவே குரலின் வடிவம். அதைத்தான் உறை என்கிறோம். ஆனால் மேலே எவ்வளவு உயர்கிறதோ கீழேயும் அவ்வளவு தாழ்வதால் சராசரி எப்போதும் சுழியம். காதுக்குழாயை நேரே அந்த அலையில் இணைத்தால் ஒன்றும் கேட்காது.

டையோடு ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். அதோடு ஒரு மின்தடையை மட்டும் இணைத்தால் கீழ்ப்பாதி அறுபட்டு, சராசரி சுழியத்திலிருந்து விடுபடும். குரல் இப்போதே கேட்கும். ஆனால் மெலிதாகக் கேட்கும், ஏனெனில் அரையலைகளின் சராசரி முகட்டு உயரத்தில் 1/π பங்குதான், அதாவது ஏறத்தாழ 32 விழுக்காடு. மின்தேக்கியைச் சேர்த்ததும் வெளியீடு முகட்டு உயரத்தை நெருங்குகிறது. குரல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. மின்தேக்கியின் வேலை வெறும் வடிகட்டல் என்றால் இந்தப் பெருக்கத்தை விளக்க முடியாது.

பாடநூல் படம் இங்குதான் நம்மைத் தவறான வழியில் விடுகிறது. பாடச்சுமைக் குறைப்பில் நீக்கப்படும் வரை பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. இயற்பியல் நூலில் இருந்த தகவல் தொடர்பு அத்தியாயம், அலைதிருத்திக்கு ஒரு கட்டமும் உறைக் கண்டுணரிக்கு ஒரு கட்டமும் வரைந்து, அம்புக்குறியால் இணைத்திருந்தது. முதலில் டையோடு வெட்டுகிறது, பிறகு மின்தேக்கி மென்மையாக்குகிறது என்றே மாணவர் மனத்தில் பதியும். உண்மையில் அவை அடுத்தடுத்த இரண்டு செயல்கள் அல்ல. மின்தேக்கியில் நின்றுவிட்ட மின்னழுத்தம்தான் டையோடு எப்போது திறக்க வேண்டும் என்பதையே முடிவுசெய்கிறது. அலை ஒரு முகட்டை எட்டும்போது டையோடு திறந்து மின்தேக்கியை அந்த உயரம் வரை நிரப்புகிறது. அலை இறங்கியதும் மின்தேக்கி உயரத்தில் நிற்பதால் டையோடு மூடிக்கொள்கிறது. அடுத்த முகடு வந்து, மின்தேக்கியில் எஞ்சியிருப்பதைத் தாண்டும் அந்தச் சிறு கணத்தில்தான் மீண்டும் திறக்கிறது. அரை அலை முழுவதும் டையோடு கடத்துவதில்லை. முகட்டின் நுனியில் மட்டுமே கடத்துகிறது.

இனி விடுபட்ட உறுப்புக்கு வருவோம். மேலே சொன்ன சுற்றிலிருந்து மின்தடையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மின்தேக்கி தான் கண்ட மிக உயர்ந்த முகட்டுக்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். இறங்க அதற்கு வழியில்லை. டையோடும் இருக்கிறது, மின்தேக்கியும் இருக்கிறது, ஆனால் குரல் இல்லை. குரல் தாழும்போது மின்தேக்கியும் தாழ வேண்டுமானால் அதன் மின்னூட்டம் வடிந்தோட ஒரு மின்தடை வேண்டும். நினைவில் வைப்பது மின்தேக்கி என்றால் மறக்க வைப்பது மின்தடை.

இவ்வளவு இன்றியமையாத உறுப்பு பெயரில் ஏன் இல்லை? பழைய படிக ஏற்பிகளின் காதுக்குழாய்கள் சில ஆயிரம் ஓம் தடையுள்ள கம்பிச்சுருள்களால் ஆனவை. காதுக்குழாயே மின்தடையாக இருந்ததால் வரைபடத்தில் அதைத் தனியே குறிக்கத் தேவையில்லை. பிறகு வந்த படிகக் காதுக்குழாய் தானே ஒரு மின்தேக்கி போன்றது. அதன் வழியே மின்னூட்டம் வடியாது. பழைய வரைபடத்தைப் பார்த்து அதை அப்படியே இணைத்தவர்களுக்கு ஒலி நலிந்தும் சிதைந்தும் கேட்கும். இணையாக ஒரு மின்தடையை வைத்ததும் சரியாகிவிடும்.

மின்தடை இருந்தால் மட்டும் போதாது, எவ்வளவு விரைவாக மறக்க வைக்கிறது என்பதும் முக்கியம். R, C இரண்டின் பெருக்கற்பலன் அதற்கான கால அளவு. என் சுற்றில் 100 கிலோ ஓம், ஒரு நானோஃபாரட். ஆகவே 100 மைக்ரோநொடி. 1161 கிலோஹெர்ட்ஸ் அலையின் இரு முகடுகளுக்கிடையே 0.86 மைக்ரோநொடிதான். அதற்குள் மின்தேக்கி ஒரு விழுக்காடுகூட இறங்காது. உறை மிக வழவழப்பாக வரும் என்று மகிழ்ந்துதான் அந்த மதிப்பைத் தேர்ந்தேன். தவறு அங்கேதான் நேர்ந்தது.

ஊர்தியின் உயரம் 1 வோல்ட், பண்பேற்றம் 80 விழுக்காடு என்று கொள்வோம். உறை 1.8 வோல்ட்டுக்கும் 0.2 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும். ஒலி 300 ஹெர்ட்ஸ் என்றால், உறை நடுவில் 1 வோல்ட்டைக் கடந்து இறங்கும்போது மைக்ரோநொடிக்கு 0.0015 வோல்ட் விழுகிறது. என் மின்தேக்கியால் அந்த இடத்தில் மைக்ரோநொடிக்கு 0.01 வோல்ட் வரை விழ முடியும், எளிதாகப் பின்தொடரும். ஒலி 3000 ஹெர்ட்ஸ் ஆனால் உறை 0.015 வோல்ட் விழுகிறது, மின்தேக்கியோ 0.01-க்கு மேல் விழாது. உறை கீழே போய்விட, மின்தேக்கி அதை விட்டுவிட்டுத் தன் போக்கில் சாய்வாக இறங்கும். உறை மீண்டும் ஏறிவந்து சந்திக்கும் வரை டையோடு ஒருமுறைகூடத் திறக்காது. அந்த இடைவெளியில் நாம் கேட்பது ஒலிபரப்பை அன்று, மின்தேக்கி வடிவதை.

பண்பேற்ற ஆழம் m, ஒலியின் அலைவெண் f என்றால், இது நேராதிருக்க வேண்டிய நிபந்தனை:

RC ≤ √(1 − m²) / (2π f m)

இதில் கவனிக்க வேண்டியது m-இன் பங்கு. 100 மைக்ரோநொடியில் m 0.3 என்றால் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸ் வரை சிதைவில்லை. 0.8 என்றால் எல்லை 1200-க்கு இறங்குகிறது. 0.95 என்றால் 520-தான். m ஒன்றை எட்டினால் எந்த RC-யும் போதாது. ஒலிபரப்பு நிலையங்கள் தொலைவில் உள்ளவர்க்கும் கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை இறுக்கி, உரத்த இடங்களில் m-ஐ ஒன்றின் அருகில் வைத்திருக்கும். பேச்சில் மிக உரத்த ஒலிகளுள் ஒன்று "ஆ". அதன் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸ். என் சுற்றின் எல்லையை அது தாண்டிவிட்டது. உரசொலிகளில் அலைவெண் உயர்வு என்றாலும் வீச்சு சிறியது என்பதால் அவை தப்பித்தன. நான் கண்ட "குரல்நடை" ஏன் "ஆ"வில் மட்டும் இருந்தது என்பதற்கு விடை இதுவே.

இதைக் காட்டிக்கொடுத்தவர் மின்னணுவியல் ஆய்வாளரான நண்பர் ஒருவர். "நிறமாலையை மூடிவிட்டு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். ஏறும் பக்கங்கள் இயல்பாக வளைந்திருந்தன. இறங்கும் பக்கங்களில் மட்டும் அடிவாரம் அறுபட்டு, அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் சாய்கோடுகள் இருந்தன. மனிதத் தொண்டைக்கு அப்படி ஒரு பக்கச் சார்பு கிடையாது. பள்ளங்கள் சாயாமல் தட்டையாக வெட்டப்பட்டிருந்தால், அடுத்த நிலை அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கிறது என்று பொருள் என்றும் அவர் சொன்னார். என் பதிவில் இருந்தவை சாய்கோடுகளே. அதே செய்தியின் இணையவழி ஒலிபரப்பில் அந்தக் கூடுதல் ஆற்றல் இல்லவே இல்லை.

தீர்வு எளிது. ஒரு நானோஃபாரட்டை எடுத்துவிட்டு 220 பிகோஃபாரட் வைத்தேன். RC 22 மைக்ரோநொடியானது; m 0.95-இலும் எல்லை 2300 ஹெர்ட்ஸைத் தாண்டியது. இரு முகடுகளுக்கிடையே மின்தேக்கி இப்போது நான்கு விழுக்காடு இறங்குகிறது, உறையில் சிற்றலை தெரிகிறது. ஆனால் அந்தச் சிற்றலை 1161 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. எந்தக் காதும் அதைக் கேட்காது. கேட்காத குறையை நீக்கப்போய்க் கேட்கும் குறையை வரவழைத்திருந்தேன்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த இரு கட்டப் படத்தைக் கைவிட்டு, டையோடு, மின்தேக்கி, மின்தடை மூன்றையும் ஒரே சுற்றாக வரையுங்கள். மின்தடையை எடுத்துவிட்டால் என்ன கேட்கும் என்று மாணவரிடம் வினவுங்கள். பழைய மத்திய அலைப் பதிவுகளைத் தரவாகக் கொள்ளும் ஒலியியல் ஆய்வாளர்களிடம் மற்றொன்று. ஒலிநாடாவில் உள்ள குரல் ஏதோ ஓர் ஏற்பியின் மின்தேக்கி வழியாக வந்தது. அதன் மதிப்பு இன்று நமக்குத் தெரிய வாய்ப்பில்லை, ஆனால் அது விட்டுச்சென்ற சாய்கோடுகள் அலைவடிவத்தில் இன்னும் இருக்கும். குரலைப் பற்றி முடிவுக்கு வருமுன் உரத்த உயிரொலிகளின் பள்ளங்களை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். நெறியாளருக்கு அனுப்பிய அந்தக் குறிப்பை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.